மாம்பழ முன்பதிவு வீடியோ: முதல் ஆறு வினாடியை எழுதும் முறை

மாம்பழ முன்பதிவுக்கு வீடியோ போடுகிறவருக்கு மற்ற பழ வியாபாரிக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. விற்கப்போகும் பழம் இன்னும் பழமாகவே இல்லை. மரத்தில் பச்சைக் காயாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. பழம் கையில் இருந்தால் அறுத்துக் காட்டலாம், சாறு வழிவதைக் காட்டலாம், மிச்ச வேலையைப் பார்ப்பவரின் நாக்கு பார்த்துக்கொள்ளும். முன்பதிவு நேரத்தில் அந்த வசதி கிடையாது.

அதனால் பெரும்பாலானோர் போன வருடம் எடுத்த பழுத்த பழத்தின் காட்சியைத் தேடி எடுத்து வீடியோவின் தொடக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வரும் கேள்விகளைப் பாருங்கள்: "இன்னைக்குக் கிடைக்குமா?", "கடை எங்க இருக்கு?", "நாளைக்கு ரெண்டு கிலோ அனுப்புங்க." ஒவ்வொருவருக்கும் "இல்லைங்க, இது முன்பதிவு" என்று பதில் எழுதியே பொழுது போய்விடும். அதில் பாதிப் பேர் அப்புறம் திரும்பி வருவதில்லை. இன்றைக்கு வேண்டும் என்று வந்தவருக்கு ஒரு மாதம் கழித்துத் தருகிறேன் என்றால் அது ஏமாற்றமாகத்தான் படும்.

ஆகவே முன்பதிவு வீடியோவின் முதல் ஆறு வினாடிக்கு ஒரே ஒரு வேலை: "பழம் இப்போது இல்லை, பெயர் கொடுக்க வேண்டியது இப்போது" என்ற இரண்டையும் ஒருசேரப் புரியவைப்பது. விலை, எடை, எந்த ஊருக்கெல்லாம் அனுப்புவீர்கள், பணம் எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் ஏழாவது வினாடிக்கு மேல் சொல்லிக்கொள்ளலாம். இந்த ஆறு வினாடியை எப்படிக் கட்டுவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் காட்சி, அப்புறம்தான் வசனம்

நிறைய பேர் உட்கார்ந்து வசனத்தை எழுதிவிட்டு, பிறகு அதற்கு ஏதாவது படம் தேடுகிறார்கள். இதைத் திருப்பிச் செய்யுங்கள். வீடியோவைச் சத்தமில்லாமல் பார்க்கிறவர்கள் ஏராளம். பேருந்தில், அலுவலகத்தில், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் உங்கள் குரல் யாருக்கும் கேட்காது. முதல் வினாடியைச் சுமப்பது காட்சிதான்.

முன்பதிவுக்குப் பொருத்தமான காட்சி மரத்தில் தொங்கும் காய். பச்சையாக இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். பச்சையாக இருப்பதுதான் "இன்னும் நாள் இருக்கிறது" என்ற செய்தியை வார்த்தை இல்லாமலே சொல்லிவிடுகிறது. கேமராவைக் காய்க்கு அருகில் கொண்டுபோங்கள். ஒரு காய் திரையில் பாதியை அடைக்க வேண்டும். முழு மரத்தையும் தூரத்திலிருந்து எடுத்தால் கைப்பேசித் திரையில் அது வெறும் பச்சைப் புதராகத்தான் தெரியும்.

சும்மா தொங்கும் காய் மட்டும் போதாது, அதில் ஒரு கை வேண்டும். கீழிருந்து வரும் ஒரு உள்ளங்கை காயைத் தாங்கிப் பிடிக்கிறது, கட்டைவிரல் காம்பைச் சுற்றியுள்ள தோள் பகுதியைத் தடவுகிறது, பிறகு கை விலகுகிறது, காய் லேசாக ஆடுகிறது. இதுதான் நான் பரிந்துரைக்கும் காட்சி. பறிக்கப் போகிறார் என்று எதிர்பார்க்க வைத்துவிட்டுப் பறிக்காமல் விடுவதில் பார்ப்பவரை நிறுத்தும் சின்ன இழுப்பு இருக்கிறது. "இன்னும் நேரம் வரவில்லை" என்ற செய்தியும் அதிலேயே வந்துவிடுகிறது.

கேமராவுக்காகக் காயைப் பறித்துக் காட்டாதீர்கள். விவரம் தெரிந்தவர்கள் காயின் தோளைப் பார்ப்பார்கள். முற்றிய காயில் காம்பைச் சுற்றியுள்ள பகுதி இரண்டு பக்கமும் புடைத்து எழும்பி, காம்பு சற்றுக் குழிக்குள் இருப்பது போலத் தெரியும். முற்றாத காயில் அந்த இடம் சரிந்து இறங்கும். மாங்காய் பறித்த பிறகும் பழுக்கும், ஆனால் முற்றாமல் பறித்தால் தோல் சுருங்கும், இனிப்பு ஏறாது. பறிப்புக்குப் பல நாள் முன்பே இளங்காயைப் பறித்துக் காட்டினால் "காயே முத்தல, இவர் எப்படி நல்ல பழம் தருவார்?" என்று ஒருவர் எழுதிவிடுவார். அந்த ஒரு வரிக்கு நீங்கள் எவ்வளவு விளக்கம் சொன்னாலும் எடுபடாது. பறித்தவுடன் காம்பிலிருந்து பீய்ச்சும் பால் தோலில் பட்டுக் கறுப்பதும் கேமராவில் நன்றாகவே தெரியும்.

போன வருடப் பழத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் காட்டுங்கள். முதல் ஆறு வினாடிக்குப் பிறகு வையுங்கள், "போன பருவத்தில் எடுத்தது" என்று மேலே எழுதிவிடுங்கள். பழுத்தும் பச்சை நிறம் முழுதாக மாறாத ரகங்கள் சில உண்டு. உங்களுடையது அப்படிப்பட்ட ரகம் என்றால் இந்தப் பழைய காட்சியில் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. பெட்டி போய்ச் சேர்ந்த பிறகு "காயாக அனுப்பிவிட்டீர்கள்" என்று வரும் சண்டை கொஞ்சம் குறையும்.

சொந்தத் தோட்டம் இல்லாமல் வாங்கி விற்பவர் அடுத்தவர் தோட்டத்தில் நின்று "நம்ம மரம்" என்று சொல்ல வேண்டியதில்லை. பெயர் எழுதும் நோட்டு, அடுக்கி வைத்த காலிப் பெட்டிகள், அதில் ஒரு பெட்டிக்குள் வைக்கோல் போடும் கை. இதுவும் "பழம் இன்னும் வரவில்லை, ஏற்பாடு நடக்கிறது" என்பதைத்தான் சொல்கிறது.

வசனம்: வாசித்துப் பார்த்து வெட்டுவது

நிதானமாகப் பேசினால் தமிழில் ஒரு வினாடிக்கு இரண்டு சொல், மிஞ்சிப்போனால் மூன்று சொல்தான் போகும். நம் சொற்கள் நீளமானவை, "ஆரம்பிக்கப்போகிறது" என்ற ஒன்றே கிட்டத்தட்ட ஒரு வினாடியைத் தின்றுவிடும். ஆக ஆறு வினாடிக்குப் பதினைந்து சொல் என்பதே தாராளம்.

புதிதாக எழுதுபவரின் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"வணக்கம் நண்பர்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க? மாம்பழப் பிரியர்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. நம்ம தோட்டத்துல இந்த வருஷ மாம்பழ சீசனுக்கான முன்பதிவு ஆரம்பிச்சிருக்கு."

கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு இதைச் சத்தமாகப் படியுங்கள். "முன்பதிவு" என்ற சொல் வருவதற்குள் எட்டு வினாடி தாண்டிவிடும். அதற்கு முன்னால் வந்ததில் "மாம்பழம்" என்ற சொல்லைத் தவிர மாங்காய்க்கே உரியது எதுவும் இல்லை. வணக்கம், நண்பர்கள், சந்தோஷமான செய்தி எல்லாவற்றையும் நகைக்கடைக்காரரும் சொல்லலாம், டியூஷன் மாஸ்டரும் சொல்லலாம். உங்களை ஏற்கெனவே தெரிந்தவர் வேண்டுமானால் பொறுத்துக் கேட்பார், தெரியாதவர் விரலால் தள்ளிவிடுவார். வணக்கம் சொல்லாமல் தொடங்குவது மரியாதைக் குறைவோ என்று தோன்றினால் கடைசியில் நன்றி சொல்லிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வரைவில் வணக்கத்தை வெட்டிவிட்டுக் காட்சியிலிருந்து தொடங்குகிறோம்:

"இந்தக் காயை இன்னும் பறிக்கல. இன்னும் மூணு வாரம் மரத்துல இருக்கும். உங்களுக்கு ஒரு பெட்டி எழுதிக்கட்டுமா?"

இது எவ்வளவோ தேவலை. கை காயைத் தாங்கும்போதே "இந்தக் காய்" என்ற சொல் வருகிறது, கண்ணும் காதும் ஒரே இடத்தில் நிற்கின்றன. மூன்றாவது வாக்கியம் கேள்வியாக முடிகிறது. பழைய வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் கேட்பது போலவே இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு: "இன்னும் மூணு வாரம்." எப்போதிலிருந்து மூன்று வாரம்? நீங்கள் பதிவிட்ட நாளில் பார்த்தவருக்குச் சரி. பத்து நாள் கழித்து மாமா வீட்டு வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பி வைத்ததைப் பார்ப்பவருக்கு அது தப்பான தகவல். அடுத்த வருடம் அதே வீடியோ எங்கேயோ சுற்றி மீண்டும் வந்தால் இன்னும் மோசம். "நாளை", "அடுத்த வாரம்", "இன்னும் இத்தனை நாள்" போன்றவை முன்பதிவு வீடியோவின் குரலில் இருக்கக் கூடாது.

அதற்குப் பதிலாகப் பறிக்கும் தேதியையே சொல்லிவிடலாமா? அதுவும் ஆபத்துதான். பூத்ததிலிருந்து அறுப்பு வரை ஏறக்குறைய நான்கு மாதம் என்பது பொதுக் கணக்கு. ரகத்தைப் பொறுத்தும் வெயிலைப் பொறுத்தும் அது முன்னே பின்னே போகும். நடுவில் ஒரு கோடைக் காற்று அடித்தால் பாதிக் காய் தரையில் கிடக்கும். பறித்த பிறகு வைக்கோலில் பழுக்கவும் ஒரு வாரம் போல ஆகும். "பத்தாம் தேதி பழம் கையில்" என்று முதல் வரியிலேயே வாக்குக் கொடுத்தால் அந்தத் தேதி உங்களைத் துரத்தும். பழம் தயாராகும் முன்பே தேதி வந்துவிட்டால் அவசரத்துக்குக் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கிற ஆசை சிலருக்கு வருவதும் இப்படித்தான்.

பறிக்கும் நாள் மரத்தின் கையில் இருக்கிறது, முன்பதிவை முடிக்கும் நாள் உங்கள் கையில் இருக்கிறது. முதல் ஆறு வினாடியில் சொல்ல வேண்டிய தேதி முன்பதிவு முடியும் தேதி. பறிப்பு பற்றி, "மே முதல் பாதியில்" என்பது போல ஒரு இடைவெளியாகப் பின்னால் சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாவது வரைவு:

"இந்தக் காயை இன்னும் பறிக்கல. முத்தினதுக்கு அப்புறம்தான் பறிப்போம். ஒரு பெட்டி இப்பவே உங்க பேர்ல எழுதிக்கட்டுமா?"

பதிமூன்று சொல். நிதானமாகப் படித்தால் ஆறு வினாடிக்குள் அடங்கும். "முத்தினதுக்கு அப்புறம்தான்" என்பது இங்கே இரண்டு வேலை செய்கிறது: ஏன் இப்போது பழம் இல்லை என்பதற்குக் காரணமும் அதுதான், ஏன் காத்திருக்கலாம் என்பதற்குக் காரணமும் அதுதான். "ரசாயனம் இல்லாத, நூறு சதவீதம் இயற்கையான" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வரியை விட, கை காயை விட்டுவிட்டு விலகும் காட்சியோடு சேர்ந்த இந்த ஒரு சொல் அதிகம் நம்பவைக்கும்.

"எண்ணிக்கை குறைவு, சீக்கிரம் முந்துங்கள்" என்ற வரியை முதல் ஆறு வினாடியில் போடும் பழக்கமும் இருக்கிறது. உண்மையான எண்ணிக்கை கையில் இருந்தால் மட்டும் போடுங்கள். மரத்தில் நிற்கும் காயைக் கணக்குப் பார்த்து, காற்றுக்கும் பூச்சிக்கும் ஒரு பங்கு கழித்து, இத்தனை பெட்டிதான் பெயர் எழுதுவேன் என்று ஒரு எல்லை வைத்திருந்தால் அந்த எண்ணைச் சொல்லலாம். இருநூறு பெட்டி வரும் போலத் தெரிந்தால் நான் நூற்றிருபதுக்கு மேல் பெயர் வாங்கச் சொல்ல மாட்டேன். மிச்சம் வந்தால் அப்போதைக்கு விற்றுக்கொள்ளலாம். பெயர் வாங்கியவருக்குப் பழம் இல்லை என்று சொல்வதுதான் கொடுமை.

திரையில் எழுத்து

குரலில் வராத தேதியைத் திரை எழுத்து சுமக்க வேண்டும். சத்தமில்லாமல் பார்ப்பவருக்கும் விஷயம் புரிய வேண்டும். அதனால் முதல் வினாடியிலிருந்தே இரண்டு வரி:

மாம்பழ முன்பதிவு
ஏப்ரல் 20, 2026 வரை

தேதி உதாரணத்துக்குத்தான், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஆண்டைக் கட்டாயம் எழுதுங்கள். நிறைய பேர் தேவையில்லை என்று விடுவது இதைத்தான், அடுத்த பருவத்தில் பழைய வீடியோ சுற்றும்போது உங்களைக் காப்பாற்றுவதும் இதுதான்.

குரல் வசனத்தையும் அப்படியே திரையில் ஓடவிட வேண்டுமா? முதல் ஆறு வினாடிக்கு வேண்டாம் என்பேன். அந்த இரண்டு வரி நிலையாக நிற்கட்டும். கீழே வேறு எழுத்து மாறிக்கொண்டிருந்தால் எதையும் படிக்க முடியாது. ஏழாவது வினாடியிலிருந்து வசன எழுத்தைத் தொடங்குங்கள்.

எழுத்தை வைக்கும் இடமும் முக்கியம். ரீல்ஸ், ஷார்ட்ஸ் இரண்டிலும் திரையின் அடிப்பகுதியில் கணக்கின் பெயரும் விளக்கமும் வந்து மூடும், வலது ஓரத்தில் பொத்தான்கள் நிற்கும். திரையின் நடுவுக்குச் சற்று மேலே, இடது பக்கம் ஒதுக்கி வைத்தால் எங்கேயும் மறையாது. அதற்கேற்பக் காயும் கையும் நடுவுக்குக் கீழே வரும்படி படம் எடுங்கள்.

மாமரத்து இலைகளுக்கு நடுவே வெயில் புள்ளி புள்ளியாக விழும். அதன்மேல் வெறும் வெள்ளை எழுத்தை வைத்தால் பாதி எழுத்து காணாமல் போகும். கறுப்பு விளிம்பு போட்டால் தெரியும் என்று செயலியில் விளிம்பைத் தடிமனாக்குவார்கள். தமிழுக்கு அது ஒத்துவராது, புள்ளிகள் அடைபட்டு "ப்" என்பது "ப" ஆகிவிடும், "முன்பதிவு" பார்க்க வேறு ஏதோ சொல்லாகிவிடும். எழுத்துக்குப் பின்னால் ஒரே நிறத்தில் பட்டை போட்டு, அதன்மேல் அடர் நிறத்தில் விளிம்பில்லாத எழுத்து வைப்பதே சுலபம். எழுதியதும் கைப்பேசியைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் படித்துப் பாருங்கள்.

எடுப்பது

காலை வெயில் ஏறுவதற்கு முன் எடுங்கள். உச்சி வெயிலில் காயின் மேல்பக்கம் வெளுத்துப் போய், கை கறுத்துத் தெரியும். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து, திரையில் காயின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல கைப்பேசிகளில் வெளிச்சமும் குவியமும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால் கை உள்ளே வரும்போது படம் ஒரு நொடி மங்கித் தெளியும், அந்த நொடிதான் உங்கள் முதல் வினாடி.

பதிவுப் பொத்தானை அழுத்தும்போது கைப்பேசி ஆடும். அந்தத் துண்டை வெட்டிவிடுங்கள். வீடியோ தொடங்கும் முதல் கணத்திலேயே கை காயைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், கை வெளியிலிருந்து வருவதற்குக் காத்திருக்கக் கூடாது. கறுப்பிலிருந்து மெல்லத் தெளியும் தொடக்கமும் வேண்டாம், உங்கள் சின்னம் சுழன்று வரும் தொடக்கமும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வீடியோவை அனுப்பும்போது முன்னோட்டமாகத் தெரிவது பெரும்பாலும் அந்தத் தொடக்கக் காட்சிதான். அது கறுப்பாக இருந்தால் குழுவில் வெறும் கறுப்புப் பெட்டிதான் போய் நிற்கும்.

குரலைத் தோட்டத்தில் பதிவு செய்தால் காற்றின் இரைச்சல் வசனத்தை விழுங்கிவிடும். படத்தைத் தோட்டத்தில் எடுத்துவிட்டு, குரலை வீட்டில் துணிமணி நிறைந்த அறையில் தனியாகப் பதிந்து சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தின் சத்தம் மெல்லப் பின்னால் கேட்கட்டும். பாட்டு வேண்டுமென்றால் ஏழாவது வினாடியிலிருந்து போடலாம்.

எல்லாம் சேர்ந்தால் தாள் இப்படி இருக்கும்:

0–2 வினாடி. காட்சி: உள்ளங்கை காயைத் தாங்குகிறது, கட்டைவிரல் தோளைத் தடவுகிறது. குரல்: "இந்தக் காயை இன்னும் பறிக்கல."

2–4 வினாடி. காட்சி: கை விலகுகிறது, காய் ஆடுகிறது. குரல்: "முத்தினதுக்கு அப்புறம்தான் பறிப்போம்."

4–6 வினாடி. காட்சி: நோட்டில் பெயர்ப் பட்டியல், அடுத்த காலி வரியில் பேனா முனை வந்து நிற்கிறது. குரல்: "ஒரு பெட்டி இப்பவே உங்க பேர்ல எழுதிக்கட்டுமா?"

திரை எழுத்து ஆறு வினாடியும் மாறாமல் நிற்கும்.

நோட்டைக் காட்டும்போது முன்னால் பெயர் கொடுத்தவர்களின் பெயரும் எண்ணும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கென்று ஒரு பக்கத்தில் வெறும் வரிசை எண் மட்டும் எழுதி வைத்துக்கொண்டால் தொல்லையில்லை. வாடிக்கையாளர் பெயரைச் சீட்டில் எழுதிக் காய்க் கொத்தில் கட்டிக் காட்டும் பழக்கமும் சிலரிடம் உண்டு. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த மரத்துக் காயையே அவருக்கு அனுப்பப் போவதில்லை என்றால் அதைச் செய்யாதீர்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது

வெளியிடும் முன், உங்கள் வியாபாரம் பற்றித் தெரியாத ஒருவரிடம் முதல் ஆறு வினாடியை மட்டும் சத்தமில்லாமல் காட்டுங்கள். காட்டிவிட்டு இரண்டு கேள்வி: "பழம் இப்ப கிடைக்குமா?", "நீங்க என்ன செய்யணும்?" முதலாவதற்கு "இல்லை, பின்னாடி" என்றும் இரண்டாவதற்கு "முன்னாடியே சொல்லி வைக்கணும்" என்றும் வந்தால் சரி. யோசித்தாரானால் திரை எழுத்தைத் திருத்துங்கள். வீட்டு ஆட்களிடம் கேட்டுப் பயனில்லை, அவர்களுக்கு விடை முன்பே தெரியும்.

வெளியிட்ட பிறகு வரும் கேள்விகளே எந்த இடம் பழுது என்று காட்டிக்கொடுக்கும். "இன்னைக்கு உண்டா?" என்றே திரும்பத் திரும்ப வந்தால் காலம் புரியவில்லை, தொடக்கத்தைத் திருத்த வேண்டும். "எங்க ஊருக்கு அனுப்புவீங்களா?", "பெட்டிக்கு எத்தனை கிலோ?" என்று வந்தால் தொடக்கம் வேலை செய்துவிட்டது, பின்பாதியில்தான் தகவல் குறைகிறது. யூடியூப் ஷார்ட்ஸில் போட்டிருந்தால் YouTube Studio-வில் அதற்கென்று ஒரு கணக்கு இருக்கும், எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டுப் போனார்கள் என்று அது காட்டும். தள்ளியவர்கள் மிக அதிகம் என்றால் வசனத்தைத் தொடாதீர்கள், அவர்கள் வசனம் வரை வரவே இல்லை. முதல் காட்சியை மட்டும் இன்னும் நெருக்கமாக எடுத்து மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும்.

எழுத்து சேர்க்காத மூலப் படத்தைத் தனியாகச் சேமித்து வையுங்கள். முன்பதிவு முடிந்த அன்றே, அதே ஆறு வினாடியில் தேதி வரியை மட்டும் "முன்பதிவு முடிந்தது" என்று மாற்றி ஸ்டேட்டஸில் போட வேண்டியிருக்கும். இரண்டாம் பறிப்புக்குப் பெயர் வாங்குவதாக இருந்தால் அதற்கும் அதே படம்தான், தேதி மட்டும் புதிது.